மில்லி ஓம் அளவு சரியாக வரவில்லையா? நான்கு கம்பி கெல்வின் அளவீட்டின் பிழைகளை அறிகுறியைக் கொண்டு கண்டறிதல்

பேட்டரி அடுக்கின் மின்னோட்டத்தைக் காட்டும் பேனல் மீட்டர் தவறான எண்ணைக் காட்டுகிறது என்ற ஐயம் எழுந்தால், மீட்டரைக் குறை சொல்வதற்கு முன், மின்னோட்டப் பாதையில் அமர்ந்து அதற்கு மின்னழுத்தத்தைக் கொடுக்கும் மிகச் சிறிய மின்தடையான ஷண்டைச் சோதித்துவிடுவது நல்லது. இங்கே எடுத்துக்கொள்ளும் ஷண்டின் மீது 50 ஆம்பியர், 75 மில்லி வோல்ட் என்று பொறித்திருக்கிறது. 50 ஆம்பியர் ஓடும்போது 75 மில்லி வோல்ட் கிடைக்க வேண்டுமானால் அதன் மின்தடை 1.5 மில்லி ஓம் இருக்க வேண்டும். அரை விழுக்காட்டுத் துல்லியம் கொண்ட ஷண்ட் என்றால் 1.4925 முதல் 1.5075 மில்லி ஓம் வரை எந்த மதிப்பும் ஏற்கத்தக்கது. ஆக, நாம் தேடும் வித்தியாசம் ஒரு மில்லி ஓமின் நூறில் ஒரு பங்குக்கும் குறைவானது.

ஷண்டைச் சுற்றிலிருந்து முழுமையாகக் கழற்றிய பிறகே கீழே உள்ள எதையும் செய்ய வேண்டும். பேட்டரியோடு இணைந்திருக்கும் ஷண்டில் சோதனைக் கம்பி மாட்டுவது ஆபத்தானது. மின்னோட்டத்துக்கு வேறு பாதைகளும் இருக்கும் என்பதால் கிடைக்கும் அளவும் பயன்படாது.

அறிகுறி: எதைத் தொட்டாலும் ஓம் மீட்டர் 0.2 என்றே காட்டுகிறது

கையடக்க மல்டிமீட்டரை 200 ஓம் வரம்பில் வைத்து, இரண்டு ப்ரோப்களின் முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டால் 0.2 ஓம் காட்டுகிறது. ஷண்டின் இரு முனைகளையும் தொட்டாலும் அதே 0.2 ஓம்தான். இது மீட்டரின் கோளாறு அல்ல. மீட்டர் தன் உள்ளிருந்து ஒரு சிறிய மின்னோட்டத்தை ப்ரோப் கம்பிகள் வழியே அனுப்பி, தன் இரண்டு துளைகளுக்கும் இடையே உருவாகும் மின்னழுத்தத்தை அளக்கிறது. அந்த மின்னழுத்தத்தில் முதல் கம்பியில் ஏற்படும் வீழ்ச்சி, முதல் முனை தொடும் இடத்தின் வீழ்ச்சி, ஷண்டின் வீழ்ச்சி, இரண்டாம் முனையின் வீழ்ச்சி, இரண்டாம் கம்பியின் வீழ்ச்சி ஆகிய அனைத்தும் சேர்ந்தே இருக்கின்றன. இவற்றில் எது ஷண்டினுடையது என்று பிரித்தறிய மீட்டருக்கு வழியே இல்லை.

0.75 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 23 மில்லி ஓம் மின்தடை உண்டு. போக ஒன்று, வர ஒன்று என இரண்டு மீட்டருக்கு 46 மில்லி ஓம். அதாவது நல்ல தடிமனான கம்பியே நாம் அளக்க வந்த பொருளைப் போல முப்பது மடங்கு பெரியது. மெலிந்த ப்ரோப் கம்பியும், தேய்ந்த முனையும், துளையில் சற்றுத் தளர்ந்த பிளக்கும் சேர்ந்தால் 0.2 ஓம் வருவதில் வியப்பில்லை.

ப்ரோப்களைத் தொட வைத்து வரும் மதிப்பைக் குறித்துக்கொண்டு, அதை ஷண்டின் அளவிலிருந்து கழித்துவிடலாமே என்று தோன்றும். பல மீட்டர்களில் இதற்கென்றே ஒரு பொத்தான் இருக்கிறது. ஓம் கணக்கில் அளக்கும்போது அது உதவும். மில்லி ஓமில் உதவாது. செம்பின் மின்தடை ஒரு டிகிரி செல்சியஸுக்கு 0.39 விழுக்காடு மாறும். மேலே சொன்ன 46 மில்லி ஓம் கம்பி, கையின் சூட்டில் ஒரே ஒரு டிகிரி வெப்பமடைந்தாலும் 0.18 மில்லி ஓம் கூடிவிடும். அது நம் ஷண்டின் மதிப்பில் 12 விழுக்காடு. முனையை அழுத்தும் விசை மாறினால் தொடுமின்தடை அதைவிட அதிகமாகவே மாறும். பெரிய எண் ஒன்றிலிருந்து ஏறக்குறைய அதே அளவுள்ள இன்னொரு பெரிய எண்ணைக் கழித்து, மிச்சம் வரும் சிறிய எண்ணை நம்ப முடியாது.

இங்குதான் நான்கு கம்பி முறை வருகிறது. இரண்டு கம்பிகள் ஷண்டுக்கு மின்னோட்டத்தைக் கொண்டு போகின்றன. வேறு இரண்டு கம்பிகள் ஷண்டின் மேலேயே தேர்ந்த இரு புள்ளிகளிலிருந்து மின்னழுத்தத்தை மட்டும் எடுத்து வோல்ட் மீட்டருக்குக் கொண்டு வருகின்றன. மின்னோட்டக் கம்பிகளில் வீழ்ச்சி இல்லாமல் போய்விடுவதில்லை. 5 ஆம்பியர் ஓடினால் அந்த 46 மில்லி ஓமில் 0.23 வோல்ட் வீணாகத்தான் செய்யும். ஆனால் அந்த வீழ்ச்சி மின்னழுத்தக் கம்பிகள் தொடும் இரு புள்ளிகளுக்கும் வெளியே நிற்கிறது, எனவே வோல்ட் மீட்டரின் பார்வைக்கு வருவதில்லை. மின்னழுத்தக் கம்பிகளுக்கும் மின்தடை உண்டு. ஆனால் வோல்ட் மீட்டரின் உள்மின்தடை 10 மெகா ஓம் என்பதால் அவற்றில் ஓடும் மின்னோட்டம் ஒரு நானோ ஆம்பியருக்கும் குறைவு. ஓட்டமே இல்லாத கம்பியில் வீழ்ச்சியும் இருக்காது. மின்னழுத்தக் கம்பியிலும் அதன் தொடுபுள்ளியிலும் சேர்த்து 10 ஓம் இருந்தால்கூட, அதனால் வரும் பிழை பத்து லட்சத்தில் ஒரு பங்குதான்.

இதிலிருந்து இரண்டு நிபந்தனைகள் பிறக்கின்றன. மின்னழுத்தக் கம்பிகளில் மின்னோட்டம் ஓடக் கூடாது என்பது முதலாவது. மின்னழுத்தம் எடுக்கும் இரு புள்ளிகளுக்கு இடையே நாம் அளக்க விரும்பும் பொருளைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது என்பது இரண்டாவது. இனி வரும் அறிகுறிகளில் பாதிக்கு மேல், இந்த இரண்டில் ஒன்று மீறப்பட்டதன் விளைவுதான்.

அறிகுறி: நான்கு கம்பி ஓம் வரம்பு உள்ள மேசை மீட்டரிலும் கடைசி எண்கள் நிலைக்கவில்லை

நான்கு துளைகளையும் சரியாகப் பயன்படுத்தியும் அளவு 1.3, 1.7, 1.4 என்று தாவினால், மீட்டர் எவ்வளவு மின்னோட்டம் அனுப்புகிறது என்று அதன் கையேட்டில் பாருங்கள். மேசை மல்டிமீட்டர்கள் பலவற்றில் 100 ஓம் வரம்பில் 1 மில்லி ஆம்பியர்தான் அனுப்பப்படுகிறது. 1.5 மில்லி ஓமில் அது உண்டாக்கும் மின்னழுத்தம் 1.5 மைக்ரோ வோல்ட். கம்பியின் பிழை நீங்கிவிட்டது; ஆனால் அளக்க வேண்டிய மின்னழுத்தமே இரைச்சலில் மூழ்கும் அளவுக்குச் சிறிதாகிவிட்டது. நான்கு கம்பிகளை இணைத்துவிட்டதாலேயே எவ்வளவு சிறிய மின்தடையையும் அளந்துவிடலாம் என்று நினைப்பதுதான் இந்த முறையைப் பற்றிய மிகப் பரவலான தவறான எண்ணம் என்பேன்.

தீர்வு, மின்னோட்டத்தை ஆயிரக்கணக்கான மடங்கு உயர்த்துவதுதான். மில்லி ஓம் மீட்டர் என்று தனியாக விற்கும் கருவிகள் அதைத்தான் செய்கின்றன. அது இல்லாதவர்கள், மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் வசதியுள்ள மேசை பவர் சப்ளை ஒன்றையும், 200 மில்லி வோல்ட் வரம்பில் 0.01 மில்லி வோல்ட் வரை காட்டும் மல்டிமீட்டர் ஒன்றையும் கொண்டு வேலையை முடிக்கலாம். சப்ளையின் மின்னழுத்த வரம்பை 3 வோல்ட் அளவில் வைத்து, மின்னோட்டத்தை 5 ஆம்பியருக்கு அமைத்து, ஷண்டின் பெரிய போல்ட்டுகளில் தடித்த கம்பிகளால் இணைக்க வேண்டும். மின்னோட்டக் கட்டுப்பாட்டைக் குறிக்கும் விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எரிந்தால், கம்பியின் மின்தடை சற்று ஏறினாலும் இறங்கினாலும் சப்ளை தன் மின்னழுத்தத்தை மாற்றிக்கொண்டு அதே 5 ஆம்பியரைத் தொடர்ந்து தரும். இப்போது ஷண்டில் 7.5 மில்லி வோல்ட் எதிர்பார்க்கலாம். ஷண்டில் வெப்பமாக மாறும் திறன் 37.5 மில்லி வாட் மட்டுமே. அது தன் முழு அளவில் 3.75 வாட்டைத் தாங்க வேண்டிய பொருள் என்பதால், இந்தச் சோதனையால் அது சூடேறிவிடாது.

அறிகுறி: அளவு நிலையாக நிற்கிறது, ஆனால் எதிர்பார்த்ததைவிட மிக அதிகம்

5 ஆம்பியர் ஓட்டிப் பார்த்தபோது மீட்டர் 7.5 காட்டாமல் 9.85 மில்லி வோல்ட் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். வகுத்தால் 1.97 மில்லி ஓம். எண் அசையாமல் நிற்பதால் பலர் இதை நம்பி, ஷண்ட் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையில் பார்க்க வேண்டியது மின்னழுத்தக் கம்பி மாட்டிய இடம்.

இத்தகைய ஷண்டின் ஒவ்வொரு முனையிலும் உள்ள பித்தளைக் கட்டையில் ஒரு பெரிய போல்ட்டும், அதற்கு உள்பக்கமாக ஒரு சிறிய ஸ்க்ரூவும் இருக்கும். பெரியது மின்னோட்டத்துக்கு, சிறியது மின்னழுத்தத்துக்கு. மின்னழுத்தக் கிளிப்பை வசதிக்காகப் பெரிய போல்ட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் கேபிள் லக்கில் மாட்டிவிட்டால், லக்குக்கும் பித்தளைக் கட்டைக்கும் இடையே உள்ள தொடுமின்தடை நம் இரு புள்ளிகளுக்கும் உள்ளே வந்துவிடுகிறது. இரண்டு முனைகளிலும் சேர்த்து 0.47 மில்லி ஓம் கூடுதலாக வந்தது அங்கிருந்துதான். நான்கு கம்பிகள் இருக்கின்றன, ஆனால் லக் வரைக்கும்தான் அது நான்கு கம்பி. லக்கிலிருந்து ஷண்டுக்கு அது மீண்டும் இரண்டு கம்பி அளவீடாகிவிட்டது.

உறுதி செய்ய எளிய வழி உண்டு. சப்ளையின் மின்னோட்டத்தைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, பெரிய போல்ட்டின் நட்டைக் கால் சுற்று தளர்த்தி, மீண்டும் 5 ஆம்பியருக்கு உயர்த்திப் பாருங்கள். அளவு மாறினால் மின்னழுத்தம் தவறான இடத்திலிருந்து எடுக்கப்படுகிறது. கிளிப்புகளைச் சிறிய ஸ்க்ரூக்களுக்கு மாற்றிய பின் இதையே செய்தால் அளவு அசையக் கூடாது. நம் எடுத்துக்காட்டில் இப்படி மாற்றியதும் மீட்டர் 7.53 மில்லி வோல்ட்டுக்கு இறங்கியது.

கெல்வின் கிளிப்புகளைப் பயன்படுத்துகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கிளிப்பின் ஒரு தாடை மின்னோட்டத்தையும் மறு தாடை மின்னழுத்தத்தையும் தொட வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று மின்காப்புடன் இருக்க வேண்டும். மலிவான சில கிளிப்புகளில் நடுவில் உள்ள ஸ்பிரிங்கோ ஆணியோ இரு தாடைகளையும் இணைத்துவிடுகிறது. கிளிப்பை மீட்டரிலிருந்து கழற்றி, இரண்டு தாடைகளுக்கும் நடுவில் ஒரு தடித்த காகிதத்தை வைத்துக் கவ்வவிட்டு, அதன் இரு கம்பிகளுக்கும் இடையே தொடர்ச்சி இருக்கிறதா என்று சோதியுங்கள். பீப் ஒலி வந்தால் அந்தக் கிளிப் இந்த வேலைக்கு ஆகாது.

அறிகுறி: எந்தப் பக்கம் பிழை என்றே தெரியவில்லை

மேலே சொன்ன எதிலும் சேராத குழப்பம் வரும்போது, ஊகித்துக்கொண்டிருப்பதைவிட முறையையே சோதனைக்கு உட்படுத்துவது நல்லது. இதற்கு 0.1 ஓம், 5 வாட் மின்தடை ஒன்றும், 10 ஓம் சிறிய மின்தடை ஒன்றும் போதும்.

முதலில் 0.1 ஓமை ஒரு மின்னோட்டக் கம்பியில் தொடராகச் சேருங்கள். 5 ஆம்பியரில் அதில் அரை வோல்ட் வீழும், 2.5 வாட் வெப்பம் வரும், தொடாதீர்கள். ஷண்டைப் போல அறுபது மடங்குக்கும் மேலான மின்தடை பாதையில் வந்திருக்கிறது. ஆனாலும் வோல்ட் மீட்டரின் எண் மாறக் கூடாது. மாறினால், சப்ளை மின்னோட்டத்தைக் காக்கவில்லை என்று பொருள்: மின்னழுத்த வரம்பைத் தொட்டுவிட்டதா, கட்டுப்பாட்டு விளக்கு அணைந்துவிட்டதா என்று பாருங்கள். மின்னோட்டம் மாறவில்லை, அளவு மட்டும் பல மடங்கு ஏறிவிட்டது என்றால், நீங்கள் சேர்த்த மின்தடையே மின்னழுத்தப் புள்ளிகளுக்கு உள்ளே அகப்பட்டிருக்கிறது. கிளிப்பை இன்னும் உள்ளே நகர்த்த வேண்டும்.

பிறகு 0.1 ஓமை எடுத்துவிட்டு, 10 ஓமை ஒரு மின்னழுத்தக் கம்பியில் தொடராகச் சேருங்கள். இப்போதும் எண் மாறக் கூடாது. மாறினால் அந்தக் கம்பியில் மின்னோட்டம் ஓடுகிறது. அதாவது மின்னோட்டக் கம்பியும் மின்னழுத்தக் கம்பியும் இடம் மாறியிருக்கின்றன. இந்த இரண்டு சோதனைகளிலும் தேறிய அமைப்பில் கம்பி மின்தடையால் பிழை வர வாய்ப்பில்லை. மிச்சம் இருப்பவை வேறு வகைப் பிழைகள். ஒரே எச்சரிக்கை: லக்கின் தொடுமின்தடை உள்ளே வந்திருப்பதை இந்தச் சோதனைகள் காட்டிக்கொடுக்காது, அதற்கு நட்டைத் தளர்த்தும் சோதனைதான் வழி.

அறிகுறி: மின்னோட்டத்தை நிறுத்திய பிறகும் மீட்டர் பூஜ்யத்துக்கு வரவில்லை

நம் ஷண்டில் 7.53 மில்லி வோல்ட் வந்தது. சப்ளையை நிறுத்தினால் மீட்டர் 0.00 காட்ட வேண்டும், காட்டியதோ 0.04. மின்னோட்டமே இல்லாமல் இந்த 40 மைக்ரோ வோல்ட் எங்கிருந்து வந்தது? இரண்டு இடங்களிலிருந்து வரலாம். மின்னழுத்தக் கம்பிகளின் முனைகளை ஒன்றோடொன்று முறுக்கிப் பாருங்கள். அப்போதும் 0.04 நின்றால் அது மீட்டரின் சொந்தப் பூஜ்யப் பிழை. குறைந்தால், மிச்சம் வெப்பமின்னழுத்தம்.

இருவேறு உலோகங்கள் சேரும் இரு இடங்கள் வெவ்வேறு வெப்பநிலையில் இருந்தால் அவற்றுக்கிடையே சிறு மின்னழுத்தம் தோன்றும். செம்பும் கான்ஸ்டன்டன் என்ற உலோகக் கலவையும் சேர்ந்தால் ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஏறத்தாழ 40 மைக்ரோ வோல்ட் வரும். நம் 7.5 மில்லி வோல்ட்டில் அது அரை விழுக்காட்டுக்கு மேல். ஷண்டின் துல்லிய வரம்பு முழுவதையும் அதுவே தின்றுவிடும். நல்ல ஷண்டுகளை மாங்கனின் என்ற உலோகக் கலவையில் செய்வதற்கு ஒரு காரணம் இதுவே: செம்போடு சேரும்போது அது தரும் வெப்பமின்னழுத்தம் டிகிரிக்கு ஒரு மைக்ரோ வோல்ட் அளவில்தான், வெப்பநிலையால் அதன் மின்தடையும் மிகக் குறைவாகவே மாறும். ஆக்சைடு படிந்து கறுத்த செம்புக் கம்பி இந்த விஷயத்தில் மிக மோசமானது. மின்னழுத்தக் கம்பியின் முனைகளைச் சுரண்டிப் பளபளப்பாக்கிவிட்டு மாட்டுவது வீண்வேலை அல்ல. இப்போதுதான் விரலால் முறுக்கிய ஸ்க்ரூ ஆற இரண்டு நிமிடம் விடுங்கள்.

நான்கு கம்பி முறை இந்தப் பிழையை நீக்காது. ஏனெனில் இது மின்னழுத்தக் கம்பிகளின் பாதையிலேயே தொடராக நிற்கும் ஒரு சிறு பேட்டரியைப் போன்றது. மின்னோட்டம் ஓடாவிட்டாலும் அது இருக்கும். நீக்கும் வழி, மின்னோட்டத்தின் திசையை மாற்றி இரண்டாம் முறை அளப்பது. திசை மாறினால் ஷண்டின் வீழ்ச்சி குறி மாறும். வெப்பமின்னழுத்தமும் மீட்டரின் பூஜ்யப் பிழையும் குறி மாறா. எனவே இரண்டு அளவுகளின் வித்தியாசத்தில் பாதியை எடுத்தால் அவை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும்.

```
R = (V1 - V2) / (2 × I)
```

சப்ளையின் பக்கத்தில் மட்டும் கம்பிகளை மாற்றி மாட்ட வேண்டும்; மின்னழுத்தக் கம்பிகளைத் தொடவே கூடாது. தொட்டால் அவற்றின் வெப்பநிலை மாறி, முதல் அளவில் இருந்த பிழை இரண்டாம் அளவில் வேறாகிவிடும். நம் ஷண்டில் திசை மாற்றியபோது −7.45 வந்தது. 7.53 இலிருந்து அதைக் கழித்துப் பாதியாக்கினால் 7.49 மில்லி வோல்ட்.

அறிகுறி: எல்லாம் சரி, ஆனால் மதிப்பு ஒரு விழுக்காடு தள்ளி நிற்கிறது

இப்போது மின்னழுத்தத்தை நம்பலாம். வகுக்கப் பயன்படுத்தும் மின்னோட்டத்தை நம்பலாமா? சப்ளையின் திரையில் 5.00 ஆம்பியர் என்று தெரிவதால் அது ஐந்து ஆம்பியர் ஆகிவிடாது. மேசை சப்ளைகளின் திரை அரை விழுக்காடு, ஒரு விழுக்காடு பிசகுவது வழக்கமே. கம்பி மின்தடையின் பிழையைத் துரத்தித் துரத்தி நீக்கிவிட்டு, அதே அளவு பிழையை வகுக்கும் எண்ணின் வழியாக உள்ளே விடுவது பொருளற்றது.

இதற்கு நல்ல வழி, மதிப்பு உறுதியாகத் தெரிந்த ஒரு நான்கு முனை மின்தடையை ஷண்டோடு தொடராகச் சேர்ப்பது. 0.1 விழுக்காட்டுத் துல்லியமுள்ள 10 மில்லி ஓம் இதற்குப் பொருத்தம். ஒரே மின்னோட்டம் இரண்டின் வழியாகவும் ஓடுகிறது. ஒரே மீட்டரால், ஒரே வரம்பில், இரண்டின் மின்னழுத்தத்தையும் அடுத்தடுத்து அளக்கிறோம். அதில் இரு திசைச் சராசரி 49.92 மில்லி வோல்ட் வந்தது என்றால், உண்மையான மின்னோட்டம் 4.992 ஆம்பியர். 7.49 ஐ 4.992 ஆல் வகுத்தால் 1.500 மில்லி ஓம். மீட்டரின் கடைசி இலக்கம் ஒன்று மாறினாலே இதில் 0.13 விழுக்காடு மாறும் என்பதால், அதற்கு மேல் இலக்கம் எழுதுவதில் பயனில்லை. ஆனால் ஷண்ட் அதன் அரை விழுக்காட்டு வரம்புக்குள் இருக்கிறது என்று சொல்ல இது போதுமானது. பேனல் மீட்டரின் தவறுக்கு வேறு காரணத்தைத் தேடலாம்.

இந்த ஒப்பிடும் முறையில் மின்னோட்டம் எவ்வளவு என்பதே தேவையில்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டு மின்னழுத்தங்களின் விகிதமும் தெரிந்த மின்தடையின் மதிப்பும் மட்டும் போதும். மீட்டரின் அளவீட்டு விகிதத்தில் பிழை இருந்தாலும் இரண்டு எண்களையும் ஒரே விதமாகப் பாதித்து விகிதத்தில் மறைந்துவிடும். பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் பலர் எண்களை நிரப்பிவிட்டு மறந்துபோன கெல்வின் இரட்டைப் பாலமும் இதே வேலையைத்தான் செய்கிறது. வில்லியம் தாம்சன் 1892 இல்தான் கெல்வின் பிரபு ஆனார். பாலத்தை அதற்கு முப்பது ஆண்டுகள் முன்பே அமைத்துவிட்டார். வீட்ஸ்டன் பாலத்தில் தெரிந்த மின்தடையையும் தெரியாததையும் இணைக்கும் கம்பியின் மின்தடை எந்தப் பக்கம் சேர்வது என்று தெரியாமல் நடுவில் நிற்கும். கெல்வின் அந்த இணைப்பின் இரு முனைகளிலிருந்தும் அதே விகிதத்தில் இன்னொரு சோடி மின்தடைகளை அமைத்து, அந்தக் கம்பி முடிவைப் பாதிக்காதபடி செய்தார்.

அறிகுறி: எண் அர்த்தமின்றி அலைகிறது, கையைக் கொண்டுபோனால் மாறுகிறது

மின்னழுத்தக் கம்பிகளில் ஒன்று அறுந்திருக்கிறது. 10 மெகா ஓம் உள்மின்தடை கொண்ட மீட்டரின் திறந்த முனை அறையிலுள்ள மின்கம்பிகளின் தாக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். சப்ளையை நிறுத்தி, மின்னழுத்தக் கம்பிகளின் மீட்டர் முனைகள் இரண்டையும் கழற்றி, ஓம் வரம்பில் அவற்றுக்கிடையே அளந்தால் ஷண்டின் வழியாகச் சில பத்தில் ஒரு பங்கு ஓம் காட்ட வேண்டும். திறந்த சுற்று என்று காட்டினால் கிளிப்புக்குள் பற்றவைத்த இடத்தைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் அறுந்திருக்கும். அறுபடவில்லை, ஆனாலும் எண் சற்று நடுங்குகிறது என்றால் இரு மின்னழுத்தக் கம்பிகளையும் ஒன்றோடொன்று முறுக்கி, மின்னோட்டக் கம்பிகளை விட்டுத் தள்ளி வையுங்கள்.

அறிகுறி: எண் ஒரே திசையில் நகர்ந்துகொண்டே போகிறது

மாங்கனின் ஷண்டில் இது நடந்தால் ஷண்டைச் சந்தேகிக்க வேண்டாம். சப்ளையின் மின்னோட்டம்தான் நகர்கிறது, தெரிந்த மின்தடையின் மின்னழுத்தமும் கூடவே நகர்வதைப் பார்க்கலாம். ஆனால் இதே அமைப்பைக் கொண்டு மோட்டார் அல்லது டிரான்ஸ்ஃபார்மரின் செம்புச் சுருளை அளக்கும்போது நகர்வு சுருளுக்கே உரியதாக இருக்கலாம், அது எந்தத் திசையில் நகர்கிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும்.

எண் மெல்ல ஏறிக்கொண்டே போனால் சுருள் சூடாகிறது. ஒரு டிகிரிக்கு 0.39 விழுக்காடு என்ற கணக்கில் பத்து டிகிரி ஏறினால் ஏறக்குறைய நான்கு விழுக்காடு கூடும். மின்னோட்டத்தைக் குறைத்து, அளவோடு சுருளின் வெப்பநிலையையும் எழுதி வையுங்கள். வெப்பநிலை குறிக்காத செம்பு மின்தடையை இன்னொரு நாள் எடுத்த அளவோடு ஒப்பிட முடியாது.

முதலில் மிக உயரத்தில் தொடங்கி மெல்ல இறங்கி வந்தால் அது தூண்டல். மின்னோட்டம் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும்போது சுருளின் மின்னழுத்தத்தில் மின்தடையின் வீழ்ச்சியோடு தூண்டலால் எழும் மின்னழுத்தமும் சேர்ந்திருக்கிறது. நான்கு கம்பிகளாலும் இந்த இரண்டையும் பிரிக்க முடியாது, காத்திருப்பதுதான் வழி. 10 ஹென்றி தூண்டலும் மொத்தச் சுற்றில் 2 ஓம் மின்தடையும் இருந்தால் கால மாறிலி 5 விநாடி. மின்னோட்டம் தன் இறுதி மதிப்பில் 99 விழுக்காட்டைத் தாண்ட 25 விநாடி ஆகும். பெரிய டிரான்ஸ்ஃபார்மர்களில் நிமிடக்கணக்கில் ஆகும்.

அந்தச் சுருளில் 5 ஆம்பியர் ஓடும்போது 125 ஜூல் ஆற்றல் தேங்கி நிற்கிறது. அந்த நிலையில் மின்னோட்டக் கம்பி ஒன்று கழன்றால், சுருள் அந்த ஓட்டத்தைத் தொடர முயன்று பல நூறு, சில வேளை பல ஆயிரம் வோல்ட் வரை எழுப்பும். கழற்றியவரின் கைக்கும், மில்லி வோல்ட் வரம்பில் இருக்கும் மீட்டருக்கும் அது போதும். எனவே மின்னோட்டத்தைப் படிப்படியாகப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, சப்ளையை நிறுத்தி, தேங்கிய ஆற்றல் முழுதும் வடிந்து ஓட்டம் நின்றதை உறுதி செய்துகொண்டு, முதலில் மின்னழுத்தக் கம்பிகளையும் அதன் பிறகே மின்னோட்டக் கம்பிகளையும் கழற்ற வேண்டும்.